கொம்பும் காலும்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சரிதான். ஆனால் இந்த விஷயத்தில் நான் கோபப்பட்ட இடமெல்லாம் தப்பான இடம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவு என்றால் நானும், அடிக்கடி காகிதத்தை மென்று துப்பும் ஒரு பிரிண்டரும்தான். ஒரு நாள் பயிற்சி அதிகாரி வந்து நின்றார். எல்லோரும் அவரை மேடம் என்போம். சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு மூன்று பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள், தேர்வு வைக்க வேண்டும் என்றார்.

"பேப்பர், பேனான்னு சொன்னாலே பயப்படுறாங்க. டிவில வர்ற மாதிரி ஒரு வினாடி வினா பண்ணிக் குடு. கடிகாரம் ஓடணும், மார்க் ஏறணும். விளையாட்டா ஆடிட்டுப் போகட்டும்."

"நாலு விடை குடுத்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாமா?"

"வேண்டாம். கண்ணை மூடிட்டு அடிச்சாலும் கால்வாசி சரியாயிடும். விடையை அவங்களே எழுதட்டும். ஒத்தச் சொல்லுதானே."

இருக்கிற வேலை போதாதென்று இது வேறயா என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். கேள்விகளை அலுவலகத்துக் கிளார்க் சார் ஒரு எக்செல் ஷீட்டில் தட்டித் தந்தார். ஒரு வரிசைக்கு ஒரு கேள்வி. முதல் கட்டத்தில் எண், இரண்டாவதில் கேள்வி, மூன்றாவதில் விடை, நான்காவதில் எத்தனை விநாடி. என் புரோகிராம் அந்த ஷீட்டை மேலிருந்து கீழே படித்து, கேள்விகளைக் கலைத்துப்போட்டு, ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும். நாளைக்கே கேள்வியை மாற்ற வேண்டுமானால் ஷீட்டை மாற்றினால் போதும், என்னிடம் வந்து நிற்க வேண்டாம். அதுதான் என் நோக்கம்.

மதிப்பெண் கணக்கு இதுதான். மொத்தம் முப்பது கேள்வி, கேள்விக்கு முப்பது விநாடி. சரியான விடைக்கு நூறு. மிச்சமிருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் இரண்டு. வரிசையாகச் சரியாகச் சொல்லிக்கொண்டே போனால் மூன்றாவது விடையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஐம்பது கூடுதல். அதற்குப் பெயர் தொடர் போனஸ். ஒன்று தப்பினால் தொடர் அறுந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்.

கடைசியில் வரும் மதிப்பெண் திரையில், ஆளின் மிக நீண்ட தொடருக்கு ஏற்ப ஒரு பாராட்டு வரும். அதற்கு ஷீட்டின் இரண்டாம் பக்கத்தில் நானே ஒரு பட்டியல் போட்டேன். ஐந்திலிருந்து 'பரவாயில்லையே'. பத்திலிருந்து 'பலே'. பதினைந்திலிருந்து 'கெட்டிக்காரர்'. இருபதிலிருந்து 'அடேங்கப்பா'. இருபத்தைந்துக்கு மேல் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டேன். சலவைக்கூடத்து ஆட்களில் யார் அங்கே வரை வரப்போகிறார்கள், வீண் வேலை என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, மேடத்திடம் வாய்விட்டும் சொன்னேன்.

தட்டச்சு செய்யத் தொடுதிரையில் நானே ஒரு தமிழ் விசைப்பலகை அமைத்தேன். உயிரெழுத்துகள் ஒரு பக்கம், மெய்க்கு ஒரு பக்கம், நடுவில் குறிகள்: கால், கொக்கி, சுழி, கொம்பு, இரட்டைக்கொம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நிற்கும் 'ொ', 'ோ' குறிகளுக்கும் தனித்தனிப் பொத்தான். சோதித்தும் பார்த்தேன். எப்படி? ஷீட்டிலிருந்த முப்பது விடைகளையும் காப்பி எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். முப்பதும் பச்சை. வேலை முடிந்தது என்று தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

தேர்வு நாள் காலை பத்தரைக்குப் பயிற்சி அறையில் ஆரம்பித்தோம். சுவரில் பெரிய திரை, மேசையில் தொடுதிரை. ஆடி முடித்தவர் உள்ளேயே உட்காரலாம், ஆடாதவர் வெளியே காத்திருக்க வேண்டும். முதலில் வந்தவர் ஸ்டோர்கீப்பர். சோப்புத்தூளிலிருந்து ஊசி நூல் வரை அவர் கையால்தான் போகும். விரல் வேகம் என்றால் அப்படியொரு வேகம். ஆனால் தொடர் மூன்று, நான்குக்கு மேல் ஏறவே இல்லை. 2784 என்று முடிந்தது.

"நான் சரியாத்தான் அடிச்சேன்," என்றார் அவர். "சோடான்னுதான் போட்டேன். சோடா இல்லாம வேற என்ன?"

"எழுத்துப்பிழை இருந்திருக்கும்."

"அதுல என்னங்க பிழை வரும்? ரெண்டே எழுத்து."

"மெஷின் பொய் சொல்லாது சார். போய் உக்காருங்க." கடுகடுவென்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. உட்கார்ந்தார்.

அடுத்தவர் தையற்காரர். கிழிந்த விரிப்புகளைத் தைத்துத் தருபவர். அவர் கதையும் அதேதான், இன்னும் குறைவு. அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய் ஸ்டோர்கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூன்றாவதாக வந்தவரை வாய்ப்பூட்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சலவை இயந்திரங்களை ஓட்டுபவர். இருபத்திரண்டு வருடமாக அங்கே இருக்கிறார், பேசி யாரும் கேட்டதில்லை என்பதால் அந்தப் பெயர். அவருக்கு இது வெறும் பதவி உயர்வு இல்லை. தோள்பட்டை போய்விட்டது. இனி ஈரத்துணியைத் தூக்கக் கூடாது என்று எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். தூக்காத வேலை சலவைக்கூடத்தில் ஒன்றே ஒன்றுதான், மேற்பார்வை. அது கிடைக்காவிட்டால் மாதக் கடைசியோடு வேலை முடிந்தது, ஊழியர் குடியிருப்பில் அவரும் கணவரும் இருக்கும் அறையும் போய்விடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இவர் எங்கே எழுத்துக்கூட்டித் தட்டி முடிப்பது, மதியச் சாப்பாடு போச்சு என்று நான் மனசுக்குள் சலித்துக்கொண்டேன்.

முதல் கேள்வி. ரத்தக்கறை பட்ட துணியை முதலில் எந்த நீரில் அலச வேண்டும்? 'குளிர்ந்த'. பச்சை. இரண்டாவது, வெள்ளைத் துணிக்கு மட்டும் சேர்ப்பது எது? 'வெளுப்பான்'. பச்சை. மூன்றும் பச்சை. நிதானமாகத்தான் தட்டினார், ஆனால் ஒரு இடத்திலும் விரல் தடுமாறவில்லை.

நான்காவது, குளிருக்கு நோயாளி மேல் போர்த்துவது. 'போர்வை' என்று தட்டினார். சிவப்பு. தொடர் பூஜ்யம்.

ஏழாவது, கறைத்துணியை ஊறவைப்பது எதில்? 'தொட்டி'. சிவப்பு. ஒன்பதாவது, எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்போடு சேர்ப்பது. 'சோடா'. சிவப்பு.

பின்னாலிருந்து ஸ்டோர்கீப்பர் தொண்டையைச் செருமினார். நான் திரும்பி முறைத்தேன்.

வாய்ப்பூட்டு திரையைப் பார்த்தபடியே இருந்தார். அடுத்த நான்கும் பச்சை. பதினான்காவது கேள்வி வந்தது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு நீராவி எங்கிருந்து வருகிறது?

அவர் தினமும் கேட்கும் சத்தம் அது. தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் கை நகரவில்லை. கடிகார வட்டம் குறைந்துகொண்டே வந்தது. இருபது, பதினேழு, பதினைந்து. இவர் பதறிவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு விநாடி இருக்கும்போது விரல் எழுந்தது. 'க' தட்டினார். பிறகு 'ொ' பொத்தானுக்குப் போன விரல் அதைத் தொடாமல் பக்கத்தில் நகர்ந்தது. கொம்பைத் தட்டினார். திரையில் 'கெ' என்று வந்தது. பிறகு காலைத் தட்டினார். 'கொ' ஆயிற்று. மீதியைத் தட்டி முடித்தார். 'கொதிகலன்'.

பச்சை.

அறையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த நொடியில் காது சூடாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அந்தப் பெண்மணி ஒரு கேள்விகூட விடவில்லை. 'ொ' வந்தால் கொம்பு, கால். 'ோ' வந்தால் இரட்டைக்கொம்பு, கால். அந்த இரண்டு பொத்தான்களையும் மறுபடி தொடவே இல்லை. தொடர் பத்து ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. தையற்காரர் எழுந்து நின்றுவிட்டார். முப்பதாவது கேள்வியும் பச்சையாக முடிந்தபோது தொடர் இருபத்தொன்று, மதிப்பெண் 4200, கீழே நான் எழுதிய 'அடேங்கப்பா'. அது எனக்கே சொன்ன மாதிரி இருந்தது.

"ஜெயிச்சாச்சு," என்று மேடம் கைதட்டினார்.

நான் தட்டவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, அந்தப் பொத்தானை ஏன் விட்டுட்டு ரெண்டாத் தட்டினீங்க?"

அவர் கொஞ்சம் கூசினார். பிறகு பேசினார். இருபத்திரண்டு வருடத்துக் கணக்கையும் அன்றைக்கே தீர்ப்பது போல நிதானமாகப் பேசினார்.

"துணில கறை போகலன்னா நாங்க சோப்பைத் திட்ட மாட்டோம்மா. எந்தெந்தத் துணில போகல, அதுக்கெல்லாம் பொதுவா என்ன இருக்குன்னு பாப்போம். போர்வை, தொட்டி, சோடா. மூணும் சரியான விடைதான், எனக்கு நிச்சயமாத் தெரியும். மூணுலயும் ஒரே எழுத்துக்குக் கொம்பும் இருக்கு, காலும் இருக்கு. ஆனா வெளுப்பான்லயும் கொம்பு இருக்கு, கால் இருக்கு. அது தப்பாகல. ஏன்னா அதுல கொம்பு ஒரு எழுத்துல, கால் வேற எழுத்துல. அப்ப ரெண்டும் ஒரே எழுத்துல சேந்தாத்தான் கோளாறு."

"சரி. ஆனா ரெண்டாத் தட்டணும்னு எப்படித் தெரிஞ்சது?"

"கிளார்க் சார் எங்க கூடத்துக்கு வந்து அலமாரிக்குச் சீட்டு அடிப்பாரு. பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். அவரு பழைய டைப்ரைட்டர் பழக்கம். அவரு கீபோர்டுல இந்தச் சேந்த பொத்தானே கிடையாது. கொம்பு, எழுத்து, கால்னு தனித்தனியாத்தான் அடிப்பாரு. கேள்வியும் அவருதானே அடிச்சிருப்பாரு. அவரு அடிச்ச மாதிரியே அடிச்சா மெஷின் ஒத்துக்குமோன்னு தோணுச்சு. ஒரு தடவை பாத்தேன்."

ஒரு தடவை பார்த்தாராம். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, வேலையும் வீடும் அந்தரத்தில் தொங்கும்போது, பதினெட்டு விநாடியில். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஏசி அறையில் உட்கார்ந்து, இரண்டு வாரம் செய்த வேலையில் பார்க்காததை.

கணினியைத் திறந்து உள்ளே பார்த்தேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. கண்ணுக்கு இரண்டு 'தொட்டி'யும் ஒன்றுதான். ஆனால் ஷீட்டில் இருந்த தொட்டிக்குள் ஏழு குறிகள், அவர் முதலில் தட்டிய தொட்டிக்குள் ஆறு. கிளார்க் சாருடையதில் கொம்பும் காலும் இரண்டு குறி, என் பொத்தான் போடுவது ஒரே குறி. என் புரோகிராம் பார்வையற்ற மூர்க்கனாக, குறிக்குக் குறி ஒத்துப்போனால்தான் சரி என்றது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. காப்பி எடுத்து ஒட்டிச் சோதித்ததால் கிளார்க் சாரின் எழுத்தைக் கிளார்க் சாரின் எழுத்தோடேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆகா என்று எழுந்து போயிருக்கிறேன்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். தப்பு என்னுது என்றேன். மேடம் என்னைத் தனியாக அழைத்து, "விடு. எப்படியும் இவங்கதான் முன்னால இருக்காங்க. இவங்களுக்குத்தான் தேவையும். எதுக்குக் கிளறணும்?" என்றார்.

தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் சலவை இயந்திரச் சத்தத்துக்குள் பேச்சுக் கேட்டுப் பழகிய காது அது.

"மேடம்," என்றார் வாய்ப்பூட்டு. "அவங்க ரெண்டு பேரு எழுதினதும் சரிதானே. அதையும் எண்ணுங்க."

"எண்ணினா நிலைமை மாறலாம்மா. ஸ்டோர்கீப்பர் உங்களைவிட வேகம்."

"தெரியும் மேடம். பாத்தாலே தெரியுது." அவர் இடது கை வலது தோளைப் பிடித்திருந்தது. "எண்ணுங்க. நாளைக்கு அவங்களுக்கு வேலை சொல்ற இடத்துல நான் நிக்கணும்னா, இன்னைக்கு அவங்க எழுதினது சரின்னு இருக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அதுவும் கோபம் மாதிரிதான் இருக்கும். "யாரும் பேசாதீங்க," என்று அதட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

யார் எந்தக் கேள்விக்கு என்ன தட்டினார்கள், எத்தனை விநாடி மிச்சமிருந்தது என்பதெல்லாம் பதிவில் இருந்தது. அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். பதிவை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன், பெரிய திரையிலேயே. மறைக்க எனக்கு என்ன மிச்சமிருந்தது?

முதலில் தையற்காரர். நிறைய ஏறி, நாலாயிரத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. பரவாயில்லையே என்று அவரே சிரித்துக்கொண்டார்.

அடுத்து ஸ்டோர்கீப்பர். சிவப்பாக இருந்த ஒன்பது கட்டங்கள் பச்சையாயின. அவர் உண்மையிலேயே தப்பியது இரண்டே இரண்டு. எண் ஏறிக்கொண்டே போனது. மூவாயிரம், நாலாயிரம். 4200-ஐத் தாண்டியபோது மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வேகம் அப்படி, ஒவ்வொரு கேள்விக்கும் விநாடி மிச்சம். 4908-இல் நின்றது.

அவர் சந்தோஷப்படவில்லை. தரையைப் பார்த்தார்.

கடைசியாக வாய்ப்பூட்டு. நான் மனக்கணக்குப் போடாமல் இருக்கத் திரையை மட்டும் பார்த்தேன். போர்வை பச்சை. அங்கே அறுந்த தொடர் இப்போது அறாமல் நடந்தது. தொட்டி பச்சை. சோடா பச்சை. கொதிகலனுக்கு அவர் யோசித்துச் செலவழித்த பதினெட்டு விநாடியும் கழிந்தது. என் பிழைக்காக அவர் கொடுத்த விலை அது, அதைத் திருப்பித்தர எந்த வரியும் எழுத முடியாது. எண் 4640 ஆயிற்று. இருபத்தொன்பதாவது கேள்வியில் 4808. எல்லோரும் கடைசிக் கேள்வியைப் பார்த்தோம்.

பச்சை. நூறும் ஐம்பதும் எட்டு விநாடிக்குப் பதினாறும்.

4974.

முதலில் எழுந்தவர் ஸ்டோர்கீப்பர்தான். "அறுபத்தாறு மார்க் வித்தியாசம்," என்றார். பிறகு வாய்ப்பூட்டின் முன்னால் வந்து நின்று, "இனிமே சோப்புத்தூள் வேணும்னா சீட்டு எழுதி அனுப்புங்கக்கா. தோளை வச்சுக்கிட்டு ஸ்டோர் வரைக்கும் நடக்காதீங்க," என்றார். நான் ஸ்டோர்கீப்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மெஷின் பொய் சொல்லாதுன்னீங்களே," என்று மட்டும் சொன்னார், சிரித்துக்கொண்டே.

எல்லோரும் போன பிறகும் வாய்ப்பூட்டு திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மதிப்பெண் திரை அப்படியே இருந்தது. சரியான விடைகள் 30. மிக நீண்ட தொடர் 30. அதற்குக் கீழே, பாராட்டு வரவேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு கட்டம்.

"மத்தவங்களுக்கெல்லாம் ஏதோ எழுதி வந்துச்சே," என்றார். "இங்க மட்டும் ஏன்மா ஒண்ணும் இல்ல?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. இவரிடம் அந்தப் பொய் செல்லாது என்று தோன்றியது.

"உங்க கூடத்துலேருந்து யாரும் இவ்வளவு தூரம் வருவாங்கன்னு நான் நினைக்கலக்கா."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நானும்தான்மா நினைக்கல," என்றார்.